எந்த மணிக்கூட்டில் பத்து இருபது?

மின்னஞ்சலில் இரண்டே வரிகள்தான் இருந்தன. தமிழை ஆங்கில எழுத்துகளில் தட்டியிருந்ததால் றிம்ஸியா அதை வாய்க்குள் முணுமுணுத்துத்தான் படிக்க வேண்டியிருந்தது.

"உங்கட மென்பொருள் வேலை செய்யவில்லை. உடனே திருத்தித் தரவும். இப்படிக்கு ஐயாத்துரை, துணுக்காய்."

அவ்வளவுதான். என்ன கணினி, எந்தப் பதிப்பு, என்ன நடந்தது, ஒன்றும் இல்லை.

வவுனியா கண்டி வீதியில் இரும்புக்கடை ஒன்றின் மேல்மாடியில் இரண்டு அறைகளை எடுத்து, தில்லைநாதன் தன் கணினியகத்தை நடத்திவந்தார். அவர் எழுதிய மென்பொருளின் பெயர் 'நாள்கோள்'. பிறந்த திகதி, நேரம், இடம் மூன்றையும் கொடுத்தால் நட்சத்திரம், இலக்கினம், தசை எல்லாவற்றையும் கணித்து அழகான சாதகக் குறிப்பாக அச்சடித்துத் தரும். சீடி இறுவட்டில் பதித்து விற்பார்கள். கொழும்பிலிருந்து மன்னார் வரை வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்களுடைய முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதுவது எட்டு மாதமாக றிம்ஸியாவின் வேலை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுடைய உம்மா சபூறா முகத்தைச் சுளித்தார். "போயும் போயும் நட்சத்திரம் பாக்கிற வேலையா மகள்?"

"நான் நட்சத்திரம் பாக்கேல்ல உம்மா. பிழை பாக்கிறன்" என்றாள் றிம்ஸியா. அதன்பிறகு உம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்படியான மின்னஞ்சல்களுக்கென்று தில்லைநாதன் ஒரு பதிலை எழுதியே வைத்திருந்தார். 'தங்கள் முறைப்பாடு கிடைத்தது. கணினியின் விபரத்தையும் மென்பொருளின் பதிப்பையும் அறியத்தரவும்.' பெயரை மட்டும் மாற்றி அனுப்ப வேண்டியதுதான். றிம்ஸியா அதைப் பிரதி செய்து ஒட்டி, ஐயாத்துரையின் பெயரையும் போட்டுவிட்டாள். அனுப்பு என்ற பொத்தானுக்கு விரல் போன நேரத்தில்தான் அவள் கண்ணில் அனுப்பியவரின் முகவரி பட்டது. அது ஐயாத்துரையின் முகவரி அல்ல. கிளிநொச்சியிலுள்ள ஓர் இணைய நிலையத்தின் முகவரி.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

துணுக்காயில் இணையம் இல்லை. தொலைபேசி இல்லை. மின்கம்பிகூட இல்லை. அவளுடைய வாப்பா மஹ்றூப் மாதத்தில் நான்கைந்து தடவை துணிமூட்டையோடு மாங்குளம் கடைகளுக்குப் போய் வருபவர். அந்தப் பாதையின் கதை முழுவதும் அவளுக்குத் தெரியும். துணுக்காயிலிருந்து பஸ் பிடித்து மாங்குளம் சந்திக்கு வர வேண்டும். அங்கே காத்து நின்று ஏ-ஒன்பது வீதியில் வேறு பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போக வேண்டும். போகவும் வரவும் ஒருநாள் முழுதாய்ப் போய்விடும். அந்த மனிதர் இந்த இரண்டு வரியை எழுதுவதற்கு ஒரு பகலைச் செலவழித்திருக்கிறார்.

இந்தப் பதில் போனால் என்ன நடக்கும்? மறுபடி கிளிநொச்சிக்கு வந்து படிப்பார். 'பதிப்பு' என்றால் என்ன என்று யோசிப்பார். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். எங்கே பார்ப்பது என்று தெரியாது. ஏதோ ஒன்றைக் குறித்துக்கொண்டு திரும்ப வருவார். அதன்பிறகு அவள் கேட்பாள்: 'சரி, நீங்கள் என்ன செய்தபோது என்ன வந்தது?' இன்னொரு பயணம்.

"சேர்" என்று கூப்பிட்டாள்.

தில்லைநாதன் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுப்பது அவருக்குப் பெரிய கஷ்டம்.

"இந்தத் துணுக்காய் ஐயாவுக்குக் கொஞ்சம் நீட்டி எழுதட்டே?"

"ஏன்? வழமையான பதில் காணாதா?"

"அவர் கிளிநொச்சிக்கு வந்துதான் மெயில் பாக்கிறார் போல. ஒவ்வொண்டாக் கேட்டா மனுசன் பஸ்ஸிலயே சீவியம் நடத்த வேண்டி வரும். எல்லாத்தையும் ஒரே அடியாக் கேட்டா நல்லது."

"நீட்டி எழுதினா வாசிப்பினமோ?"

"வீட்ட கொண்டுபோய் வாசிக்கிற மாதிரி எழுதுறன்."

தில்லைநாதன் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, றிம்ஸியா ஒட்டியதை அழித்தாள். அன்று முற்பகல் முழுவதையும் அந்த ஒரு மின்னஞ்சலிலேயே கழித்தாள். எழுதினாள், வெட்டினாள், திரும்ப எழுதினாள். தன் கணினியில் தானே ஒவ்வொரு படியையும் செய்து பார்த்து, எழுதியது சரியா என்று ஒத்துப் பார்த்தாள். 'நீங்கள் ஒன்றுமே குறிப்பிடவில்லை' என்று முதலில் எழுதிய வரியைப் படித்தபோது வகுப்பில் ரீச்சர் ஏசுவதுபோல் இருந்தது. அதை எடுத்தெறிந்தாள். கடைசியில் மின்னஞ்சல் இப்படி வந்தது:

'மதிப்புக்குரிய ஐயாத்துரை ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

நாள்கோள் உங்களுக்கு வேலை செய்யவில்லை என்று அறிந்து வருந்துகிறோம். இதைத் திருத்தித் தருவது எங்கள் பொறுப்பு. பிழை எங்கே என்று கண்டுபிடிக்க, உங்கள் கணினிக்கு முன் இருந்து பார்த்தால் மட்டுமே தெரியக்கூடிய சில விடயங்கள் எங்களுக்கு வேண்டும். நீங்கள் திரும்பத் திரும்பப் பயணப்படாமல் இருக்க எல்லாவற்றையும் இதிலேயே கேட்கிறேன். இந்தக் கடிதத்தை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டு போங்கள். விடைகளை இதன் பின்பக்கத்தில் கையாலேயே எழுதுங்கள். அந்தத் தாளை இணைய நிலையத்தில் ஸ்கேன் செய்து அனுப்பினால் போதும், தட்டெழுதத் தேவையில்லை.

முதலாவது, கணினி. திரையில் உள்ள மை கொம்பியூட்டர் என்ற படத்தின்மேல் மவுஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்துங்கள். வரும் பட்டியலில் கடைசியாக உள்ள ப்ரொப்பர்ட்டீஸ் என்பதைத் தெரிவு செய்தால் ஒரு பெட்டி திறக்கும். அதில் விண்டோஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே பார்த்து எழுதுங்கள்.

இரண்டாவது, பதிப்பு. நாள்கோள் திறக்குமானால், மேலே 'உதவி' என்பதை அழுத்தி 'நாள்கோள் பற்றி' என்பதைத் திறவுங்கள். அங்கே ஓர் இலக்கம் இருக்கும், 1.4 அல்லது 2.0 என்பதுபோல. திறக்காவிட்டால் இறுவட்டின் மேல் அச்சிட்டிருக்கும் இலக்கத்தை எழுதுங்கள்.

மூன்றாவது, நடந்தது. வேலை செய்யவில்லை என்றால் அது பல விதமாக இருக்கலாம்: திறக்காமல் இருக்கலாம், திறந்து இடையில் நிற்கலாம், அச்சடிக்காமல் இருக்கலாம், அல்லது எல்லாம் நடந்தும் விடை பிழையாக வரலாம். உங்களுக்கு எது? நீங்கள் என்ன கொடுத்தீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். முன்னர் சரியாக வேலை செய்ததா, எப்போதிருந்து இப்படி என்றும் சொல்லுங்கள்.

இவற்றில் எதையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். தெரிந்ததை மட்டும் எழுதினாலும் உதவும். ஒரே ஒரு வேண்டுகோள்: எங்கள் பதில் வரும்வரை நாள்கோளைக் கணினியிலிருந்து நீக்க வேண்டாம். நீங்கள் சேமித்து வைத்த குறிப்புகள் பத்திரமாக இருக்கட்டும்.

இப்படிக்கு, றிம்ஸியா மஹ்றூப், வாடிக்கையாளர் உதவி.'

அனுப்பிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

எட்டு நாள் ஒரு பதிலும் இல்லை. ஒவ்வொரு காலையிலும் வந்தவுடன் அதைத்தான் தேடினாள். நீட்டி எழுதியது பிழையோ, மனிதர் கோபித்துக்கொண்டாரோ என்றுகூட நினைத்தாள். ஒன்பதாம் நாள் கிளிநொச்சி முகவரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஸ்கேன் செய்த நான்கு புல்ஸ்கேப் பக்கங்கள். நீல மையில் நேர்த்தியான, நிதானமான கையெழுத்து.

'பிள்ளை றிம்ஸியாவுக்கு' என்று தொடங்கியிருந்தது கடிதம். 'முதல் தடவை கோபத்தில் எழுதியதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். இணைய நிலையத்தில் பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். எனக்கு அவசரம்.'

அவர் ஒன்றையும் விடவில்லை. கணினி விண்டோஸ் தொண்ணூற்றெட்டு, இரண்டாம் வெளியீடு. நாள்கோள் 2.0. ஆறு வாரத்துக்கு முன் பஸ்ஸில் வந்த புதிய இறுவட்டு. அதற்கு முன் இரண்டு வருடம் 1.4 வைத்திருந்தார். கணினியின் நிறம் கறுப்பு என்பதையும், அது மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனறேற்றரில்தான் வேலை செய்கிறது என்பதையும் சேர்த்திருந்தார். துணுக்காயில் அவருக்கு ஒரு தட்டச்சுக் கடை. விண்ணப்பங்கள் அடித்துக் கொடுப்பதோடு குழந்தைகளுக்குக் குறிப்பும் அடித்துக் கொடுப்பார்.

மூன்றாவது கேள்விக்குத்தான் இரண்டரைப் பக்கம்.

'மென்பொருள் திறக்கிறது. அச்சும் வருகிறது. ஆனால் விடை பிழை. போன மாதம் என் மகள் சிவதர்சினிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. காலை பத்து இருபது. நேரத்தை நானே பார்த்தேன், ஆகவே சந்தேகம் இல்லை. நாள்கோளில் போட்டேன். ரோகிணி நான்காம் பாதம் என்று வந்தது. கோயில் ஐயர் கையால் கணித்து மிருகசீரிடம் முதலாம் பாதம் என்கிறார். ரோகிணியில் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்று எங்கள் ஆட்களிடம் ஒரு கதை உண்டு. என் மனுசி இராசமலர் அதைப் பிடித்துக்கொண்டு, மகன் சிவகரனை வீட்டு வாசலுக்கு எடுக்கிறா இல்லை. அவன் பக்கத்து வளவில் சிநேகிதன் வீட்டில் இருக்கிறான். ஒரே தங்கைச்சியின் பிள்ளையை இன்னும் பார்க்கவில்லை. ஐயர் சொல்வதைக் கேள் என்றால், கொம்பியூட்டர் பிழை விடாது என்று நீங்கள்தானே இரண்டு வருடமாக ஊர் முழுக்கச் சொன்னனீங்கள் என்று என்னைத் திருப்பிக் கேட்கிறா. நான் என்ன சொல்ல?'

றிம்ஸியா அதை இரண்டு தரம் படித்தாள். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பிறகு திகதி, பத்து இருபது, துணுக்காய் மூன்றையும் தன் கணினியில் போட்டாள். ரோகிணி நான்காம் பாதம். பழைய 1.4 பதிப்பைத் தேடி எடுத்து அதிலும் போட்டாள். மிருகசீரிடம் முதலாம் பாதம்.

கணினி வேறு, விண்டோஸ் வேறு. ஆனாலும் பிழை ஒன்று. ஆகவே ஐயாத்துரையின் கணினியில் கோளாறு இல்லை. இரண்டு பதிப்புகளுக்கு நடுவில்தான் ஏதோ மாறியிருக்கிறது.

தில்லைநாதன் வந்து பார்த்தார். "சந்திரன் அந்த நேரத்தில ரோகிணி முடிஞ்சு மிருகசீரிடத்துக்குப் போகுது. எல்லையில நிக்கிற பிறப்பு. சின்ன வித்தியாசமும் பெரிசாத் தெரியும்" என்றார். "ஆனா ரெண்டு பதிப்பில சரியானது புதுசுதான். ஒண்டு தசம் நாலில நேரம் பிழை எண்டு கொழும்பாக்கள் முறைப்பாடு செய்தவை. தொண்ணூத்தாறில அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினதை நான் முந்திச் சேர்க்கேல்ல. இப்ப சேர்த்திருக்கிறன். இலங்கையில எங்க பிறந்தாலும் அந்தக் கணக்குத்தான்."

"அப்ப ஐயர் பிழையா?"

"கையால கணிக்கேக்க பிழை வாறதுதானே" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று பின்னேரம் வீட்டில் றிம்ஸியா உம்மாவுக்கு உதவியாகக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது வாப்பா மாங்குளத்திலிருந்து வந்து சேர்ந்தார். கை கால் கழுவிவிட்டுக் கதிரையில் சாய்ந்தார்.

"மஹ்ரிப் தொழுகைக்கு இன்னும் நேரம் கிடக்கு. கொஞ்சம் படுக்கப் போறன்" என்றார்.

"எங்க கிடக்கு? இப்ப பாங்கு சொல்லிப் போடுவினம்" என்றார் உம்மா.

வாப்பா கையைத் திருப்பிப் பார்த்தார். "அட, ஓமந்தையால வரேக்க திருப்ப மறந்திட்டன். அந்தப் பக்கத்து நேரத்திலயே நிக்குது." மணிக்கூட்டின் திருகைப் பிடித்து முள்ளை அரைமணி முன்னுக்குத் தள்ளினார்.

றிம்ஸியாவின் கத்தி வெங்காயத்தில் நின்றது.

ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு நேரம், அந்தப் பக்கம் ஒரு நேரம். வவுனியாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியபோது, போராளி இயக்கத்தின் கையில் இருந்த வன்னியில் தள்ளவில்லை. அங்கே பழைய நேரமே ஓடியது. வாப்பா ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு தரம் முள்ளைத் திருப்புவதை அவள் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் ஐயாத்துரையின் கடிதத்தில் பத்து இருபது என்று படித்தபோது அவளுக்கு அது எட்டவேயில்லை.

"வாப்பா, துணுக்காயில பத்து இருபது எண்டா எங்களுக்கு எத்தினை மணி?"

"பத்து அம்பது. ஏன் மகள்?"

"ஒண்டுமில்லை" என்று சொன்னவள் எழும்பிக் குசினிக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். "வெங்காயத்தைப் பாத்துச் சிரிக்கிறவளை இண்டைக்குத்தான் காண்கிறன்" என்றார் சபூறா.

மறுநாள் காலை தில்லைநாதன் வருவதற்கு முன்பே அவள் கணினிக்கு முன்னால் இருந்தாள். பத்து ஐம்பது என்று போட்டாள். மிருகசீரிடம் முதலாம் பாதம். தில்லைநாதன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

அவர் ஒரு காலில் செருப்போடு நின்று கேட்டார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான் வவுனியாவில பிறந்து வளந்தவன். இந்தப் பக்கத்தில இருந்துகொண்டு கொழும்பாக்கள் சொன்ன பிழையைத் திருத்தினன். பக்கத்தில இருக்கிறவையை நினைக்கேல்ல."

"கொழும்பு ஆக்களுக்கும் உங்கட கணக்குச் சரிதானே சேர். துணுக்காய்க்கு மட்டும்தான் சரியில்லை."

திருத்துவது லேசான வேலை. தொண்ணூற்றாறுக்குப் பிறகு வடக்கில் பிறந்தவர் என்றால், நேரம் எந்த மணிக்கூட்டில் பார்த்தது என்று மென்பொருள் கேட்க வேண்டும். அதற்கேற்ப அரைமணியைக் கூட்ட வேண்டும் அல்லது விட வேண்டும். அரை நாளில் முடிந்துவிட்டது. அந்த இரண்டு நேரத்துக்கும் என்ன பெயர் வைப்பது என்பதில்தான் நேரம் போனது.

"அரசாங்க நேரம், வன்னி நேரம் எண்டு போடுவம்" என்றார் தில்லைநாதன்.

"அங்க விக்கேக்க ஒருத்தர் கோவிப்பார். இங்க விக்கேக்க மற்றவர் கோவிப்பார்."

"கொழும்பு நேரம்?"

"வவுனியாவில பிறந்த பிள்ளைக்கு என்னத்துக்குக் கொழும்பு?"

கடைசியில் சந்தையிலும் பஸ்ஸிலும் சனங்கள் சொல்வதையே வைத்தார்கள். பழைய நேரம், புது நேரம். யாருக்கும் நோகாது, எல்லோருக்கும் விளங்கும்.

றிம்ஸியா ஐயாத்துரைக்கு மின்னஞ்சல் எழுதினாள். இந்தமுறை சிறியது. பிழை எங்களுடையது, உங்கள் கணினியில் ஒரு குறையும் இல்லை, ஐயரின் கணக்கும் சரி. திருத்திய 2.1 பதிப்பு வரும்வரை, துணுக்காயில் பார்த்த நேரத்தோடு அரைமணியைக் கூட்டிப் போடுங்கள், சரியான நட்சத்திரம் வரும் என்று விளக்கியிருந்தாள். கடந்த ஆறு வாரத்தில் வேறு குழந்தைகளுக்கு அடித்த குறிப்புகளையும் ஒருதரம் சரிபார்க்கச் சொன்னாள். அதே விளக்கத்தை, 2.0 வாங்கியிருந்த மற்ற வன்னி வாடிக்கையாளர்கள் பதினொரு பேருக்கும் அனுப்பினாள்.

பதில் நான்காம் நாளே வந்தது. 'பிள்ளை, பத்து ஐம்பது போட்டேன். மிருகசீரிடம் வந்தது. ஆனால் குறிப்பில் பிறந்த நேரமும் பத்து ஐம்பது என்றே அச்சாகிறது. என்ர பேத்தி பத்து இருபதுக்குத்தான் பிறந்தவள், நேரத்தை மாத்திப் போட்டு நட்சத்திரத்தை மாத்தினால் அது களவு என்று இராசமலர் சொல்லிவிட்டா.'

"அவா சொல்றதும் நியாயம்தான்" என்றாள் றிம்ஸியா. தில்லைநாதன் இறுவட்டைத் தபாலில் அனுப்பலாம் என்றார். வாப்பா வரும் சனிக்கிழமை மாங்குளம் போகிறார், துணுக்காயிலும் ஒரு கடைக்குத் துணி கொடுக்க இருக்கிறது என்றாள் அவள். தானும் கூடப் போய் வரட்டுமா என்று கேட்டாள். எட்டு மாதமாக முன்னூறு பேருக்கு மேல் பதில் எழுதியிருக்கிறாள். ஒருவருடைய முகத்தையும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை ஓமந்தையில் மூட்டைகளை அவிழ்த்துக் காட்டி, இறுவட்டில் என்ன இருக்கிறது என்று கேட்ட சிப்பாயிடம் "ஹொரஸ்கோப்" என்று சொல்லி, அவன் தன் உள்ளங்கையை நீட்டிக் காட்டிச் சிரிக்க, அவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். மஹ்றூப் முள்ளைத் திருப்பினார். றிம்ஸியா தன்னுடையதைத் திருப்பவில்லை.

துணுக்காயில் ஐயாத்துரையின் கடையும் வீடும் ஒன்றுதான். முன்னறையில் கணினியும் தட்டச்சு இயந்திரமும், உள்ளே குடும்பம். உயரமான, ஒல்லியான மனிதர். கடிதத்தில் இருந்த கையெழுத்தைப் போலவே நிதானமாகப் பேசினார்.

"இதுவோ றிம்ஸியா? நான் ஒரு பெரிய அம்மாவா இருப்பா எண்டெல்லோ நினைச்சன். வாங்கோ நானா, உள்ளுக்கு வாங்கோ" என்று மஹ்றூப்பையும் அண்ணன் முறை சொல்லி வரவேற்றார்.

ஜெனறேற்றரை இயக்கினார்கள். றிம்ஸியா முதலில் அவருடைய குறிப்புகள் எல்லாவற்றையும் பிளொப்பியில் பிரதி எடுத்து வைத்தாள். பிறகு 2.1-ஐ நிறுவினாள். பத்து இருபது, துணுக்காய் என்று போட்டதும் கேள்வி வந்தது. பழைய நேரம் என்பதைத் தெரிவு செய்தாள். அச்சுப்பொறி கிறீச்சிட்டுக்கொண்டு தாளைத் தள்ளியது. பிறந்த நேரம் பத்து இருபது. மிருகசீரிடம் முதலாம் பாதம்.

வாசல் நிலையோடு சாய்ந்து இராசமலர் இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் குழந்தை. அவருக்குப் பின்னால் சிவதர்சினி. ஐயாத்துரை தாளை நீட்டினார். இராசமலர் அதை வாங்கவில்லை.

"போன மாசம் இதே கொம்பியூட்டர் ரோகிணி எண்டது. இப்ப வேற சொல்லுது. இவர் ஏசிக் கடிதம் போட்டதுக்காக மாத்தி எழுதிக்கொண்டு வந்தியளோ பிள்ளை?"

ஐயாத்துரை வாயைத் திறக்க முன் றிம்ஸியா எழுந்தாள். கணினியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அம்மா, உங்கட வீட்டு மணிக்கூட்டில இப்ப எத்தினை மணி?" என்று கேட்டாள்.

இராசமலர் சுவரைப் பார்த்தார். "பத்தே முக்கால்."

றிம்ஸியா தன் கையை நீட்டினாள். "என்ர மணிக்கூட்டைப் பாருங்கோ."

"பதினொண்டேகால். இது புது நேரமெல்லோ?"

"ஓம். நான் வவுனியாவில இருந்து வந்தனான். இந்த மென்பொருளை எழுதினதும் அங்கதான். அதுக்கு என்ர மணிக்கூடு மட்டும்தான் தெரியும். உங்கட மணிக்கூடு தெரியாது. ஐயா பத்து இருபது எண்டு சொல்லேக்க, அது என்ர மணிக்கூட்டில பத்து இருபது எண்டு நினைச்சிட்டுது. அது அரைமணி முந்தின நேரம். அந்த நேரம் ரோகிணிதான். ஆனா உங்கட பேத்தி அப்ப பிறக்கேல்ல. இப்ப, எந்த மணிக்கூடு எண்டு அதுவே கேக்கும்."

இராசமலர் சுவர் மணிக்கூட்டையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் இருந்த இறுக்கம் மெல்லக் குறைந்தது.

"அப்ப கொம்பியூட்டர் பிழை விடேல்ல."

"இல்லை அம்மா. அதுக்கு ஒழுங்காக் கேக்கச் சொல்லிக் குடுக்காதது நாங்கள்."

"ஐயரும் பிழை விடேல்ல."

"இல்லை."

"நானும் பிழையாச் சொல்லேல்ல" என்றார் ஐயாத்துரை.

"உங்களை ஆர் கேட்டது?" என்றார் இராசமலர். ஆனால் தாளை வாங்கிக்கொண்டார். ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு பின்னால் திரும்பி, "தர்சினி, கொண்ணனைக் கூப்பிடு" என்றார்.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஜெனறேற்றர் சத்தம் கேட்டதுமே சிவகரன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றிருக்கிறான். தங்கை வாயைத் திறக்குமுன் படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டான். உழவு இயந்திரம் ஓட்டுகிறவன். கையெல்லாம் எண்ணெய்க் கறை. வாசலில் தயங்கி நின்று தாயைப் பார்த்தான்.

"கையைக் கழுவிப்போட்டு வா" என்றார் இராசமலர். அவருடைய குரல் உடைந்திருந்தது.

கிணற்றடியில் சவர்க்காரத்தை மூன்று தரம் போட்டுக் கழுவினான். திரும்பி வந்து இரண்டு கைகளையும் தாம்பாளம் ஏந்துகிறவன்போல் நீட்டிக்கொண்டு நின்றான். எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. தாய் அவனுடைய முழங்கையை மடக்கிக் குழந்தையை வைத்தார். குழந்தை கண்ணைத் திறந்து பார்த்தது, கொட்டாவி விட்டது, திரும்பவும் நித்திரையாகிவிட்டது.

"என்னைப் பாத்திட்டுக் கொட்டாவி விடுறாள்" என்றான் சிவகரன், ஏதோ பெரிய பரிசு கிடைத்ததுபோல.

சிவதர்சினி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். ஐயாத்துரை கணினிப் பக்கம் திரும்பி எதையோ தேடுகிற மாதிரி நின்றார். இந்த நட்சத்திரக் கணக்கில் றிம்ஸியாவுக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் தான் எழுதிய ஒரு மின்னஞ்சலின் மறுமுனையில் இப்படி ஒரு வீடு இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

மஹ்றூப்புக்கும் அவளுக்கும் பிளேன்ரீயும் பயற்றம் பணியாரமும் வந்தன. இராசமலர் பக்கத்திலேயே இருந்து, இன்னொன்று எடு, இன்னொன்று எடு என்று வற்புறுத்தினார். கொண்டு வந்த துணிமூட்டையில் குழந்தைக்குச் சட்டை தைக்கத் தோதான துணி இருக்கிறதா என்று மஹ்றூப்பிடம் விசாரித்தார். அவர் மூட்டையை அவிழ்த்து மஞ்சள் பூப்போட்ட துண்டு ஒன்றை எடுத்து, "இது என்ர மகளின்ர கணக்கில" என்று கொடுத்தார். இராசமலர் அதைக் குழந்தையின் மேல் வைத்து அளவு பார்க்கத் திரும்பினார். குழந்தையும் இல்லை, சிவகரனும் இல்லை.

"எங்க அவன்?"

சிவதர்சினி வெளியே கையைக் காட்டினாள். ஒழுங்கையில் வெயில் எறித்துக்கொண்டிருந்தது. சிவகரன் தலையில் கிடந்த துவாயை எடுத்துக் குழந்தையின் முகத்துக்கு மேல் நிழலாகப் பிடித்துக்கொண்டு, சைக்கிளில் போன ஒருவரை மறித்து நிறுத்தி, "இஞ்ச பாருங்கோ அண்ணை, என்ர மருமகள்" என்று காட்டிக்கொண்டிருந்தான். சைக்கிள்காரர் ஒரு காலை ஊன்றிக் குனிந்து பார்த்தார். இவன் அடுத்த வீட்டுப் படலையை நோக்கி நடக்கத் தொடங்கினான்.